அயோடின் மாத்திரை: இப்போதா, பிறகா, வேண்டவே வேண்டாமா?

அணு உலை விபத்து நேர்ந்தால் போடச் சொல்லும், பெரியவர்களுக்கான பொட்டாசியம் அயோடைடு மாத்திரை 130 மில்லிகிராம் எடை. அதில் அயோடின் மட்டும் 100 மில்லிகிராம். நம் உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம்தான். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கான அயோடினை ஒரே வாயில் விழுங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை ஊட்டச்சத்து இல்லை. தைராய்டின் வாசலை ஒரு நாளைக்கு அடைத்து வைக்கும் ஒரு சாதனம். அப்படிப் பார்த்தால்தான் இதை எப்போது போடுவது, யாருக்குக் கொடுப்பது, எப்போது தொடாமல் இருப்பது என்பதெல்லாம் புரியும்.

அணு உலை விபத்தில் வெளியேறும் பொருள்களில் முதல் சில வாரங்களுக்குக் கவலை தருவது அயோடின்-131. அதன் அரை ஆயுள் 8 நாள். காற்றில் வந்தால் மூச்சில் உள்ளே போகும்; புல்லில் படிந்தால் மாடு மேய்ந்து பாலில் வரும். எப்படிப் போனாலும் ரத்தத்தில் கலந்து, தைராய்டு செல்லின் சுவரில் இருக்கும் சோடியம்-அயோடைடு கடத்தி என்ற புரதம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரண அயோடினா கதிரியக்க அயோடினா என்று பிரித்துப் பார்க்க அந்தப் புரதத்துக்குத் தெரியாது. உள்ளே போனதும் அது தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தோடு ஒட்டி, ஹார்மோனாகும்வரை வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். அந்த நாள்களில் அது உமிழும் பீட்டா கதிர்கள் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தங்கள் ஆற்றல் முழுவதையும் இறக்கிவிடும். அடி முழுவதும் சுரப்பிக்குத்தான்.

இங்கே அளவை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு; பத்து லட்சம் பெக்கரல் அயோடின்-131 என்றால் பயமாக இருக்கும். எடையில் அது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதிலும் கால் பங்கு கூட இருக்காது. இதற்கு எதிரே 100 மில்லிகிராம் சாதாரண அயோடின் வந்து ரத்தத்தில் நிற்கிறது. கோயில் வாசலில் லட்சம் பேர் நெருக்கும்போது நடுவில் நிற்கும் ஒரு ஆள் உள்ளே போக முடியுமா? முதல் வேலை இந்த நெரிசல்தான். இரண்டாவது வேலையை உடலே செய்கிறது. செல்லுக்குள் அயோடைடு அளவுக்கு மீறினால் அதைப் புரதத்தோடு ஒட்டும் வேலையையே சுரப்பி தற்காலிகமாக நிறுத்திவிடுகிறது. உல்ஃப், சைக்காஃப் என்ற இருவர் 1948-இல் இதைக் காட்டியதால் இதற்கு அவர்கள் பெயரே நிலைத்தது. ஒட்டாத அயோடைடு வெளியே கசிந்து, சிறுநீரகம் வழியாகப் போய்விடும்.

மாத்திரை செய்வது இவ்வளவுதான். உலையிலிருந்து வரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்தைத் தடுக்காது. வெளியிலிருந்து உடலில் படும் காமா கதிரைத் தடுக்காது. ஏற்கெனவே தைராய்டில் ஒட்டிவிட்டதைப் பிடுங்கவும் செய்யாது.

முன்பா, உடனேயா, மறுநாளா

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கதிரியக்கம் கலந்த காற்று வந்து சேரும் நேரத்துக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, வந்த பிறகு 2 மணி நேரம் வரை மாத்திரைக்குச் சிறந்த காலம். 8 மணி நேரம் வரை போட்டாலும் பலன் உண்டு. 24 மணி நேரம் தாண்டினால் போட வேண்டாம் என்கிறது; அப்போது நன்மையை விடத் தீமை அதிகமாகலாம்.

இந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் நினைவில் நிற்கும். உள்ளே வந்த கதிரியக்க அயோடின் ரத்தத்தில் காத்திருப்பதில்லை. முதல் சில மணி நேரத்திலேயே தைராய்டு தன் பங்கின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது; மீதி சிறுநீரில் போய்விடுகிறது. உணவில் போதுமான அயோடின் கிடைக்கும் பெரியவர் ஒருவர் காற்று வருவதற்குச் சற்று முன்பு மாத்திரை போட்டால், தைராய்டுக்குப் போகவிருந்ததில் 95 சதவீதத்துக்கு மேல் தடுக்கப்படும். 2 மணி நேரம் தாமதித்தால் ஏறக்குறைய 80 சதவீதம். 8 மணி நேரம் தாமதித்தால் 40 சதவீதம் அளவில் நிற்கும். 16 மணி நேரம் கழித்துப் போட்டால் பெயருக்குத்தான் பலன். சாப்பாட்டில் அயோடின் குறைவாக உள்ள பகுதிகளில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும். பட்டினி கிடந்த சுரப்பி வேகமாக அள்ளிக்கொள்ளும் அல்லவா?

தாமதமான மாத்திரை வீண் என்பதோடு போகாது. அயோடின் மிகுந்தால் தைராய்டு ஹார்மோனை வெளியே விடுவதையும் குறைத்துக்கொள்ளும். அப்போது ஏற்கெனவே ஒட்டியிருக்கும் அயோடின்-131 வெளியேறும் வழியும் குறுகி, இன்னும் கொஞ்ச காலம் உள்ளேயே இருக்கும். கதவைச் சாத்தினோம், ஆனால் திருடன் உள்ளே இருக்கிறான் என்ற கதைதான். 24 மணி நேரம் என்ற கோடு இதனால் வந்தது.

அப்படியானால் ரொம்ப முன்னதாகவே போட்டுவிட்டால் என்ன? ஒரு மாத்திரையின் காவல் ஏறக்குறைய ஒரு நாள். காலையில் வதந்தியைக் கேட்டுப் போட்டுவிட்டு, மறுநாள் மாலையில் உண்மையாகக் காற்று வரும்போது காவல் தளர்ந்திருக்கும். அப்போது இரண்டாவது மாத்திரை போட வேண்டி வரும். பிறந்த குழந்தை, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், அறுபது வயதைத் தாண்டியவர் ஆகியோருக்கு இரண்டாவது முறை கொடுக்கக் கூடாது. முதல் மாத்திரையை வதந்தியில் செலவழித்தால் உண்மையான நேரத்தில் இவர்களுக்குக் கையில் எதுவும் இருக்காது. அறிவிப்பு வரும்வரை போடாதே என்று அதிகாரிகள் வலியுறுத்துவது பலருக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அதில் கணக்கு இருக்கிறது. காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்பது அவர்களிடம்தான் இருக்கும்.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. கசிவு நாள்கணக்கில் தொடர்ந்தால், கடிகாரம் முதல் கசிவிலிருந்து மட்டும் ஓடுவதில்லை. நேற்று வந்ததற்கு இன்றைய மாத்திரை தாமதம்; நாளை வரப்போவதற்கு அது முன்கூட்டியே. போலந்தில் 1986-இல் நடந்தது இதுதான்.

மாத்திரையா, பாலை நிறுத்துவதா

செர்னோபில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை. போலந்தின் வடகிழக்கில் மிக்கோவாய்கி என்ற ஊரில் இருந்த அளவீட்டு நிலையம் காற்றில் கதிரியக்கம் ஏறியிருப்பதை 28-ஆம் தேதி அதிகாலை பதிவு செய்தது. சோவியத் தரப்பிலிருந்து உருப்படியான தகவல் ஏதும் இல்லை. 29-ஆம் தேதி போலந்து அரசு அயோடின் கொடுப்பது என்று முடிவெடுத்தது. நாடு முழுவதும் கொடுக்க மாத்திரைகள் போதாது; அதனால் மருந்துக்கடைகளில் திரவமாகக் கலக்கினார்கள். மக்கள் அதை இன்றும் லுகோல் கரைசல் என்றே சொல்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு 15 மில்லிகிராம், ஐந்து வயது வரை 50, மற்றவர்களுக்கு 70 என்று அளவு. சில நாள்களுக்குள் ஏறக்குறைய ஒரு கோடியே ஐந்து லட்சம் பிள்ளைகளும் எழுபது லட்சம் பெரியவர்களும் குடித்தார்கள். இதற்கு இணையான பெரிய அனுபவம் இன்றுவரை வேறு இல்லை.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் போலந்து தாமதம்தான். முதல் காற்று வந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அது வீணாகவில்லை, ஏனென்றால் காற்றும் பாலும் தொடர்ந்து கொண்டுவந்தன. அதோடு, அதே அறிவிப்பில் இன்னொரு பாதியும் இருந்தது. மாடுகளை மே 15 வரை புதுப் புல் மேய விடக் கூடாது. லிட்டருக்கு 1000 பெக்கரலைத் தாண்டிய பாலைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக் கூடாது. நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பால் பவுடர் விநியோகம். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மாத்திரை ஒரு செய்தி. பால் பவுடர் ஒரு செய்தியா என்ன?

எல்லைக்கு அந்தப் பக்கம் பெலாரஸிலும் உக்ரைனிலும் ரஷ்யாவின் சில மாவட்டங்களிலும் கிராமத்துப் பிள்ளைகள் வீட்டு மாட்டின் பாலைத் தொடர்ந்து குடித்தார்கள். மாடுகள் குளிர்காலம் முடிந்து அப்போதுதான் புல்வெளிக்குப் போகத் தொடங்கியிருந்த பருவம். 2005 வரை, விபத்தின்போது பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தவர்களில் 6000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றில் கணிசமான பங்குக்கு அந்தப் பாலே காரணம் என்பது ஐ.நா. அறிவியல் குழுவின் முடிவு. உலைக்கு அருகிலேயே இருந்த பிரிப்யாத் நகரத்தில் மாத்திரை விபத்து நடந்த அன்றே கொடுக்கப்பட்டது. 27-ஆம் தேதி பிற்பகல் ஊரையே காலி செய்தார்கள். அந்த நகரத்துப் பிள்ளைகள் உள்ளூர்ப் பாலிலிருந்தும் அதே நாளில் தப்பினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வயதுக் குழந்தை அயோடின்-131-ஐ விழுங்கினால் தைராய்டு வாங்கும் கதிர்வீச்சு அளவு, ஒரு பெக்கரலுக்கு 3.6 மைக்ரோசீவர்ட். பெரியவருக்கு 0.43 மட்டுமே. குழந்தையின் சுரப்பி ஒன்றிரண்டு கிராம், பெரியவருடையது பதினைந்து, இருபது கிராம். அதே மிளகாய்த்தூள் சிறிய கிண்ணச் சாம்பாரில் விழுந்தால் காரம் ஏறுகிற கதை. இப்போது பாலில் லிட்டருக்கு 10,000 பெக்கரல் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை நாளுக்கு அரை லிட்டர் குடிக்கிறது: முதல் நாள் 5,000 பெக்கரல். கதிரியக்கச் சிதைவாலும் புல்லிலிருந்து கழுவிப்போவதாலும் பாலில் இருப்பது ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொண்டால், மொத்தமாக உள்ளே போவது சுமார் 36,000 பெக்கரல். தைராய்டுக்கு 130 மில்லிசீவர்ட். அயோடின் மாத்திரை கொடுக்கலாம் என்று பன்னாட்டு அணுசக்தி முகமை வைத்திருக்கும் எல்லை, முதல் ஏழு நாளில் 50 மில்லிசீவர்ட்.

இதை மாத்திரையால் சமாளிக்க வேண்டுமானால் குழந்தைக்கு வாரக்கணக்கில் தினமும் கொடுக்க வேண்டும். அது அந்தக் குழந்தையின் தைராய்டையே படுக்க வைத்துவிடும். பாலை நிறுத்தினால் ஒரு மாத்திரையும் இல்லாமல் 130-உம் பூஜ்யமாகும். எனவே எங்கள் தீர்ப்பு இதுதான்: மூச்சில் வரும் அயோடினுக்கு மாத்திரை, வாயில் வரும் அயோடினுக்கு வேறு உணவு. உலையிலிருந்து சில பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு முதல் சில மணி நேரத்தில் மாத்திரை முக்கியம். நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பாலும் கீரையும்தான் பெரும்பாலும் முழுக் கதையும். அந்தப் பாலையும் கொட்டியாக வேண்டும் என்பதில்லை. பவுடராக்கி 80 நாள் வைத்தால் பத்து அரை ஆயுள் கடந்து, அயோடின்-131 ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சீசியம் இல்லையென்று அளந்து பார்த்துவிட்டுத்தான், அது வேறு விஷயம்.

கையில் இருப்பது எது

மாத்திரை இல்லாதபோது மக்கள் தேடும் மாற்றுகளில் முதலாவது உப்பு. 2011-இல் ஜப்பானில் விபத்து நடந்ததும் சீனாவில் கடைகளில் அயோடின் உப்பு காலியானது. இந்தியாவில் விற்கும் அயோடின் உப்பில், வாங்குபவர் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 100 மில்லிகிராமுக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். அதற்கு முன்பே உப்பு ஆளைக் கொன்றுவிடும். கடற்பாசி மாத்திரையும் இதே கதைதான். ஒன்றில் 150 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் அறுநூற்று அறுபதுக்கு மேல் விழுங்க வேண்டும்.

காயத்துக்குப் போடும் பழுப்பு நிற போவிடோன் அயோடின் திரவத்தைக் குடிக்கவே கூடாது. அதில் அயோடின் இருப்பது உண்மை, ஆனால் அது வயிற்றுக்குப் போகத் தயாரிக்கப்பட்டதல்ல. வாய் கொப்பளிக்கும் வகையையும் குடிக்க வேண்டாமென்று 2011-இல் ஜப்பானில் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

தமிழ் வீடுகளில் வரக்கூடிய இன்னொரு குழப்பம், ‘தைராய்டு மாத்திரை’ என்ற சொல். நம் வீட்டில் காலையில் வெறும் வயிற்றில் போடுவது தைராக்சின். அது சுரப்பி குறைவாகச் சுரப்பதை ஈடுகட்டும் ஹார்மோன். 100 மைக்ரோகிராம் தைராக்சினில் அயோடின் 65 மைக்ரோகிராம்தான். பத்து மாத்திரை போட்டாலும் கதிரியக்க அயோடினைத் தடுக்காது, நெஞ்சு படபடப்புதான் மிஞ்சும். தைராக்சின் சாப்பிடுபவர் அதை வழக்கம்போலத் தொடர வேண்டும். சுரப்பி முழுவதையும் அறுவை செய்து எடுத்தவருக்கு அயோடின் மாத்திரையே தேவையில்லை. அடைக்க வாசலே இல்லை.

லுகோல் கரைசல் கிடைத்தால் வேலை செய்யும், ஆனால் அதில் கரைந்திருக்கும் தனி அயோடின் வயிற்றை எரிக்கும். அளவும் சொட்டுக்கணக்கு. போலந்துபோல் வேறு வழியில்லாத நேரத்துக்கு, மருந்தாளர் அளந்து கொடுத்தால் மட்டும்.

உண்மையான போட்டி அயோடைடுக்கும் அயோடேட்டுக்கும்தான், KI-க்கும் KIO₃-க்கும். தடுக்கும் திறனில் இரண்டும் ஒன்று. அயோடேட் குடலில் அயோடைடாக மாறிவிடும். அயோடேட் சிலருக்கு வயிற்றைக் கொஞ்சம் கூடுதலாகப் புரட்டும். ஆனால் சூட்டையும் ஈரத்தையும் அது நன்றாகத் தாங்கும். நம் உப்பில் அயோடைடு போடாமல் அயோடேட் போடுவதும் இதனால்தான். கவனிக்க வேண்டியது, அட்டையில் உள்ள மில்லிகிராம் எதைக் குறிக்கிறது என்பது. 130 மில்லிகிராம் அயோடைடும் 170 மில்லிகிராம் அயோடேட்டும் ஒன்றுதான், இரண்டிலும் அயோடின் 100. 85 மில்லிகிராம் அயோடேட் மாத்திரை என்றால் அது 65 மில்லிகிராம் அயோடைடுக்குச் சமம், பெரியவருக்கு இரண்டு. மாத்திரையின் எடையை எண்ணாமல் அயோடினை எண்ணுங்கள்.

ஒரு வீட்டில்

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 38, அம்மாவுக்கு 33. மகனுக்கு ஏழு வயது. பிறந்து இருபது நாளான பெண் குழந்தை தாய்ப்பால் குடிக்கிறாள். பாட்டிக்கு 67 வயது, கழுத்தில் பல வருடமாகக் கட்டிகளோடு கூடிய தைராய்டு வீக்கம். கையில் 130 மில்லிகிராம் மாத்திரை அட்டை ஒன்று. பிற்பகல் இரண்டு மணிக்கு அறிவிப்பு: நான்கு மணி அளவில் காற்று இந்தப் பக்கம் வரும், இப்போது மாத்திரை போடுங்கள், வீட்டுக்குள் இருங்கள்.

அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு தண்ணீரோடு. மகனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 65 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. குழந்தைக்கு 16 மில்லிகிராம். எட்டில் ஒரு பங்கைக் கத்தியால் வெட்ட முயலாதீர்கள், அது தூளாகத்தான் போகும். ஒரு மாத்திரையைக் கரண்டியின் பின்புறத்தால் பொடித்து, 20 மில்லி தண்ணீரில் கரையுங்கள். அதோடு இன்னொரு 20 மில்லி இனிப்பான ஏதாவது, ஆரஞ்சு சாறோ சர்க்கரைப் பாகோ, சேருங்கள். அயோடைடு உப்பும் கசப்புமாக இருக்கும்; வெறும் தண்ணீரில் கொடுத்தால் பிள்ளை துப்பிவிடும். இப்போது 40 மில்லியில் 130 மில்லிகிராம் இருக்கிறது. 5 மில்லிக்கு 16. குழந்தைக்கு 5 மில்லி, மகனுக்கு 20 மில்லி. வீட்டுத் தேக்கரண்டி எப்போதும் 5 மில்லி பிடிக்காது, காய்ச்சல் மருந்தோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ எடுத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள 15 மில்லியைக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். கலக்கப் பால் பயன்படுத்துவதானால் அது முந்தைய நாளே வாங்கிய பாலாக இருக்க வேண்டும்.

ஒரு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளை இந்த வீட்டில் இருந்தால் 32 மில்லிகிராம், அதாவது இதே கலவையில் 10 மில்லி. பன்னிரண்டு வயதைத் தாண்டியவருக்கு முழு மாத்திரை. அமெரிக்க மருந்து நிர்வாகம் பதினெட்டு வயது வரை 65 என்று சொல்லும். 70 கிலோவைத் தாண்டிய பதின்வயதினருக்கு மட்டும் 130. இந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இரண்டு அளவுமே வாசலை அடைக்கும்.

தாய் போட்ட மாத்திரையின் அயோடின் பாலில் வரும், ஆனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதை நம்பிக் குழந்தைக்குத் தனியாகக் கொடுக்காமல் விடக் கூடாது. அதேபோல் கொடுத்த பிறகு மறந்துவிடவும் கூடாது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் தைராய்டு இந்த நெரிசலிலிருந்து சீக்கிரம் மீளாமல் போகலாம். மூளை வளரும் காலத்தில் ஹார்மோன் குறைவது நல்லதில்லை. போலந்தில் பரிசோதித்த 3214 குழந்தைகளில் 12 பேருக்கு, அதாவது ஆயிரத்துக்கு நான்கு பேருக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். தற்காலிகமாக உயர்ந்து பிறகு சரியானது. எனவே அடுத்த வாரங்களில் டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாட்டிக்கு? கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் பக்கம். கதிரியக்கத்தால் தைராய்டு புற்றுநோய் வரும் வாய்ப்பு நாற்பதைத் தாண்டினால் மிகவும் குறைந்துவிடுகிறது. அந்த வயதினருக்குச் சுரப்பியே அழியக்கூடிய 5 கிரே கதிர்வீச்சு அளவை எதிர்பார்த்தால் ஒழிய வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் சொல்வது அதனால். மறுபக்கம், கட்டிகள் உள்ள சுரப்பி திடீரென்று அயோடின் வெள்ளத்தைப் பார்த்தால் கட்டுப்பாடில்லாமல் ஹார்மோன் சுரக்கலாம். வாரங்கள் கழித்து எடை இறங்கும், கை நடுங்கும், இதயம் தாளம் தப்பும். பாட்டியின் விஷயத்தில் அந்த ஆபத்துதான் பெரிது. அவர் உள் அறையில், சன்னல் சாத்தி, மின்விசிறி வழியாக வெளிக்காற்று வராமல் இருந்தாலே போதும். ‘எல்லோரும் போட்டாங்க, பாட்டிக்கு மட்டும் இல்லையா’ என்று ஒரு குரல் எழும். அதற்காகப் போட வேண்டாம்.

இறால் ஒத்துக்கொள்ளாது என்பதால் அயோடினும் ஒத்துக்கொள்ளாது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஒவ்வாமை இறாலின் புரதத்துக்கு, அயோடினுக்கு இல்லை. பொட்டாசியம் என்ற பெயரைப் பார்த்து இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் பயப்படுவதும் உண்டு. ஒரு மாத்திரையில் பொட்டாசியம் 31 மில்லிகிராம்தான். ஒரு வாழைப்பழத்தில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். அயோடினே ஒத்துக்கொள்ளாதவர்கள், சில அரிய தோல், ரத்தநாள நோய் உள்ளவர்கள் ஆகியோர்தான் உண்மையில் விலக வேண்டியவர்கள்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கசிவு இன்னும் நிற்கவில்லை என்றால், அறிவிப்பு வந்தால், மீண்டும் போடக்கூடியவர்கள் அப்பாவும் மகனும்தான். அம்மாவுக்கும் குழந்தைக்கும் இரண்டாவது முறை இல்லை. அவர்களுக்கு அடுத்த பாதுகாப்பு அந்த ஊரை விட்டு வெளியேறுவது. ஒரு வீட்டில் பிறந்த குழந்தை இருந்தால் வெளியேறும் வரிசையில் முதலில் நிற்க வேண்டிய வீடு அது.

இதே வீட்டுக்கு மாத்திரை மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தது, காற்று முந்தைய மாலையே கடந்து போய்விட்டது என்றால்? பதினெட்டு மணி நேரம். அட்டையைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, பால்காரரிடம் பால் வேண்டாம் என்று சொல்வதுதான் அன்றைக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம்.

வீட்டிலா, கிடங்கிலா

இரண்டு மணி நேரம், எட்டு மணி நேரம் என்ற கெடுவை ஏற்றுக்கொண்டால், மாத்திரையை முன்பே வீட்டில் கொடுத்து வைப்பதா, கிடங்கில் வைத்து அன்றைக்குக் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் உலையைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். பிரான்ஸ் 2019-இல் இந்த எல்லையை 10-இலிருந்து 20 கிலோமீட்டராக்கியது. இந்தியாவில் உலையிலிருந்து 16 கிலோமீட்டர் வரை அவசரநிலைத் திட்டப் பகுதி. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் ஒத்திகைகள் அந்த வட்டத்துக்குள்ளேயே நடக்கின்றன.

கிடங்கு முறை எங்கே சறுக்கும் என்பதை ஜப்பானின் ஃபுகுஷிமா உலை விபத்து காட்டியது. மாத்திரை பல ஊர்களின் கையிருப்பில் இருந்தது. போடச் சொல்லும் உத்தரவு நேரத்துக்கு வந்து சேரவில்லை; வந்தபோது மக்கள் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார்கள். உலைக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருந்த மிஹாரு என்ற சிற்றூர் மட்டும் 2011 மார்ச் 15 அன்று உத்தரவுக்குக் காத்திருக்காமல் முடிவெடுத்தது. காற்று தங்கள் பக்கம் திரும்புவதும் மழை வரப்போவதும் தெரிந்ததால், நாற்பது வயதுக்குக் குறைந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பிற்பகலில் மாத்திரை கொடுத்தார்கள். மத்திய அரசின் உத்தரவு இல்லாமல் கொடுத்ததைத் திரும்பப் பெறுங்கள் என்று மாகாண நிர்வாகம் சொன்னது. ஊர் நிர்வாகம் கேட்கவில்லை.

வீட்டில் வைப்பதிலும் சிக்கல் உண்டு. தொலைந்துபோகும், பிள்ளைகள் எடுத்துவிடும், வதந்திக்கே போட்டுவிடுவார்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அயோடைடு மாத்திரை அட்டையை விட்டு வெளியே வந்தால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, தனி அயோடின் பிரிந்து மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். நிறம் மாறியதைப் போட வேண்டாம். அட்டையைப் பிரிக்காமல், அடுப்பங்கரைக்கும் குளியலறைக்கும் தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள். அட்டையின் பின்புறம் வீட்டில் யார் யாருக்கு எத்தனை மில்லி என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திருத்துங்கள், பிள்ளைகளுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும்.